குறிப்பறியும் பெற்றோர்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று மானிப்பாயிலிருந்து ஒரு தாயார் எழுதியது. அவருடைய மகனுக்கு வயது 26. படித்து, உத்தியோகம் பார்த்து, பெற்றோருடன் வாழ்கிறான். இரவில் விறாந்தை மேசைமேல் கிடக்கும் அவனுடைய கைத்தொலைபேசி கடந்த மூன்று மாதங்களாகத் தலையணையருகே உறங்குகிறது. மேசையில் வைத்தாலும் முகங்குப்புறவே வைக்கிறான். அழைப்பு வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுகிறான். உணவு வேளையில் ஒருநாள் தனக்குள் சிரிக்கிறான். மறுநாள் கேட்டதற்கும் பதிலில்லை. “இது காதல்தானா? அவன் குளிக்கும் நேரத்தில் அதனைத் திறந்து பார்த்தால் பிழையாகுமா?” என்று கேட்டு, விடையைப் பகிரங்கமாக எழுதினாலும் தடையில்லை என்று அந்த அன்னையார் முடித்திருக்கிறார்.

இக்கேள்விக்கு விடையிறுக்க எமக்கு ஓரளவு உரிமை உண்டு. சென்ற ஆண்டு எமது இல்லத்திலும் இவ்வாறே ஒரு கைத்தொலைபேசி தலையணையருகே சென்றது. அதனைக் கண்டு நாம் செய்தவற்றுள் ஒன்று சரி; ஒன்று பெரும் பிழை. இரண்டையும் ஒளிக்காது கூறுவதே இக்கடிதத்திற்கு நேர்மையான மறுமொழியாகும்.

முதலில் அடையாளங்களை எடுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியை முகங்குப்புற வைத்தல், திரையில் செய்தியின் வாசகம் தோன்றாதவாறு மறைத்தல், புதிய கடவுச்சொல் இடுதல், தனித்துச் சென்று பேசுதல் ஆகிய யாவும் பெற்றோருக்கு ஒன்றையே தெரிவிக்கின்றன. பிள்ளை தனக்கென ஏதோ ஒன்றை வைத்திருக்கிறது என்பதே அது. அந்த ஏதோ ஒன்று யாது என்பதை இவ்வடையாளங்கள் கூறமாட்டா. வட்ஸ்அப்பில் மகன் கடைசியாக வந்துபோன நேரம் முன்னர் தெரிந்தது, இப்போது தெரியவில்லை என்று அத்தாயார் கவலைப்படுகிறார். அந்நேரத்தை எல்லோருக்கும் மறைக்கலாம். குறித்த சிலருக்கு மாத்திரமும் மறைக்கலாம். ஆகவே அம்மறைப்பு உலகத்திற்கா, தாய்க்கா என்பதைக்கூடத் தாயின் திரையிலிருந்து அறிய இயலாது.

அடையாளத்தை மாத்திரம் நம்பி முடிவுகட்டுவதால் நேரும் தீங்கினை நாம் நேரில் கண்டோம். எமது அயலில் ஓர் இளைஞன். அவனும் நள்ளிரவுவரை கைத்தொலைபேசியும் கையுமாக இருந்தான். அவனும் அழைப்பு வந்தால் வெளியே ஓடினான். வீட்டார் காதலென்றே நம்பினர். சகோதரிகள் கேலிசெய்தனர், தந்தையார் சாதகக் குறிப்பைத் தேடி எடுத்தார். உண்மையில் அவன் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின்மூலம் சிறுதொகை கடன் வாங்கி, அதனை அடைக்க இன்னொன்றில் வாங்கி, வட்டிமேல் வட்டியாக மூழ்கிக்கொண்டிருந்தான். இத்தகைய செயலிகளுட் சில, கடன் கொடுக்கும்போதே கைத்தொலைபேசியில் உள்ள உறவினர், நண்பர் எண்களையெல்லாம் எடுத்துக்கொள்கின்றன. தவணை பிந்தினால் அவர்களையும் அழைத்து மானத்தை வாங்குவதாக மிரட்டுகின்றன. பெண் பார்க்கும் பேச்சு வீட்டில் நடந்த ஒவ்வொரு நாளும் அப்பிள்ளை வாய்திறக்கும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. நகை ஒன்று காணாமற் போன பின்னரே செய்தி வெளிவந்தது.

நம் அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் மெலிகிறாள், உண்கிறாளில்லை. தாய் அதனை முருகனால் வந்த அணங்கென்று கருதி வேலனை அழைத்து, கழங்கு பரப்பிக் குறி கேட்கிறாள். காதலை நோயென்று எண்ணிய தாய் அவள். எமது அயலார் நோயைக் காதலென்று எண்ணினர். பிழை இருபுறமும் ஒன்றே. பிள்ளையைப் பாராமல், தம் மனத்தில் முன்னரே இருந்த ஓர் எண்ணத்தைப் பார்த்தனர்.

அவ்வாறாயின் எதனைப் பார்ப்பது? மணி ஒலிக்கும் அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும் என்பது எமது துணைவியார் கண்ட வழி. காதல் வயப்பட்டவரின் கை, ஒலி எழுமுன்னே கைத்தொலைபேசியை நாடிச் செல்கிறது. அச்சத்தில் இருப்பவரின் உடல் ஒலியைக் கேட்டதும் ஒருமுறை பின்வாங்குகிறது. எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமலும் வைத்துவிடுகிறது. பேசி முடித்துத் திரும்பும்போது முன்னவர் வீட்டாரிடமும் சிறிது இனிமையைக் கொண்டுவருகிறார். கேளாமலே தங்கையின் பாடத்தைப் பார்க்கிறார், அம்மாவின் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்குகிறார். பின்னவர் யாரையும் பாராமல் அறைக்குள் போய்விடுகிறார். உணவும் உறக்கமும் குறைதல் இருவருக்கும் பொது. ஆதலால் அவற்றைக் கொண்டு எதனையும் துணியலாகாது. ஒருநாளைக் கொண்டும் துணியலாகாது; இரண்டு மூன்று வாரம் பார்த்தாற்றான் முகத்தின் போக்குத் தெரியும்.

எமது மகளுக்கு வயது 25. நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. தை மாதத்தில் அவள் பேச்சில் ஒரு பெயர் அடிக்கடி வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர். கணினி பழுதானபோது அவர் திருத்தினார். மத்தியான உணவுக்கு அவர் கொண்டுவந்த சம்பல் மிகக் காரம். அவருடைய ஊரில் காலையில் மூன்று மணிநேரம் பனிமூட்டமாம். மாசியிலும் அப்பெயர் வந்தது. பங்குனி பிறந்ததும் அது அடியோடு நின்றது. அலுவலகத்தில் உள்ள மற்றெல்லோரும் பேச்சில் இருந்தனர். அவர் மாத்திரம் இல்லை. நாம் இதனைக் கவனிக்கவில்லை. துணைவியார் கவனித்தார். “வந்த பெயர் வந்துகொண்டிருந்தால் ஒன்றுமில்லை. நின்றுவிட்டதே, அதுதான் கதை” என்றார். கைத்தொலைபேசி தலையணைக்குச் சென்றது அதற்கும் ஒரு மாதம் கழித்தே. வீட்டுப் பேச்சில் கவனமாக இருந்த தாய்க்குக் கருவியின் சான்று வேண்டியிருக்கவில்லை.

இன்னோர் அடையாளமும் உண்டு. அதனை நாம் அப்போது உணராமற் போனதே பின்னர் வந்த துன்பத்திற்கெல்லாம் காரணம். சொல்ல நினைக்கும் பிள்ளை நேரே சொல்வதில்லை. பிறர் கதையொன்றைக் கேள்வியாக்கி, பெற்றோரின் மனத்தை ஆழம் பார்க்கிறது. சித்திரைப் புத்தாண்டன்று எல்லோரும் கூடியிருந்தபோது மகள் கேட்டாள்: “அப்பா, பெரியம்மாவின் மகன் பண்டாரவளையில் கலியாணம் செய்தபோது நீங்கள் ஏன் போகவில்லை?”

நாம் பத்திரிகையிலிருந்து தலையெடாமலே விடை சொன்னோம்: “விசாரிக்க முடியாத இடத்தில் சம்பந்தம் செய்தால் யார் போவது?”

அவள் ஒன்றும் பேசவில்லை. பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள். அன்று எமக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி, சாதாரணப் பதில். அவளுக்கோ அது பல நாள் யோசித்துத் தட்டிய கதவு. அக்கதவை நாம் தாழிட்டதை நாமே அறியவில்லை.

வைகாசியும் ஆனியும் சென்றன. அவள் மகிழ்ச்சியாகவே இருந்தாள். ஆனால் எம்மிடமிருந்து ஓரடி தள்ளியே இருந்தாள். துணைவியார், “சொல்லும்போது சொல்லட்டும்” என்றார். எமக்கோ பொறுமை இல்லை. ஆடி மாதத்து ஒரு ஞாயிறு காலை, அவள் தலைமுழுகச் சென்றிருந்தபோது விறாந்தையில் கைத்தொலைபேசி ஒளிர்ந்தது. நாம் அதனைக் கையில் எடுத்தோம். திரையில் தோன்றியது பங்குனியில் நின்றுபோன அதே பெயர். செய்தியின் வாசகம் தெரியவில்லை. கடவுச்சொல் எமக்குத் தெரியாது. தெரிந்திருப்பின் திறந்திருப்போமா என்று நேயர்கள் கேட்டால், திறந்திருப்போம் என்பதே உண்மையான விடை. மீண்டும் வைத்தோம். அவள் முகங்குப்புற வைத்திருந்தாள். நாம் நிமிர்த்தி வைத்துவிட்டோம்.

அவள் வந்தாள்; கைத்தொலைபேசியைப் பார்த்தாள்; எம்மைப் பார்த்தாள். ஒரு சொல்லும் இல்லை. அன்றுமுதல் மூன்று வாரம் எம்முடன் தேவைக்கு மேல் பேசவில்லை. பேருந்துக்கு எத்தனை மணி, மழைக்குக் குடை வேண்டுமா என்ற அளவிலேயே உரையாடல் நின்றது. ஒரு பெயரை அறிந்துகொண்டோம். அதற்கு விலையாக மகளின் குரலை இழந்தோம். அப்பெயர்தானும் துணைவியாருக்கு நான்கு மாதம் முன்னரே தெரிந்ததுதான்.

இதனைப்பற்றி ஆராய்ந்தோரும் உளர். சுவீடன் நாட்டில் ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் இருவர் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் வினவி, 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிள்ளைகள் எங்கே போகின்றனர், யாருடன் பழகுகின்றனர் என்பதை நன்கறிந்த பெற்றோர் எவ்வாறு அறிந்தனர் என்பதே கேள்வி. கண்காணிப்பினால் என்றே அதுகாறும் பலர் கருதியிருந்தனர். அவர்கள் கண்டதோ வேறு. பெற்றோரின் அறிவுக்குப் பெருங்காரணம் பிள்ளை தானாக வந்து கூறியதேயாகும். இது சிறு பிள்ளைகளைப்பற்றிய ஆய்வு; வளர்ந்த பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் அடித்துக் கூறவில்லை. ஆயினும் 14 வயதுப் பிள்ளையிடமே கண்காணிப்புக்கு அவ்வளவுதான் பயன் எனில், இலங்கைச் சட்டப்படி 18-இல் முழு வயதடைந்து, தன் உழைப்பில் வாழும் 25 வயது மகளிடம் அதற்கு என்ன பயன் இருத்தல் கூடும்?

நம் முன்னோர் இதற்கு ஒரு முறை வகுத்திருந்தனர். தலைவி தன் காதலைத் தோழிக்குக் கூறுவாள். தோழி செவிலிக்குக் கூறுவாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் கூறுவர். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே தோழி செவிலிக்கு இவ்வாறு கூறும் கூற்றாக அமைந்தது. தந்தை கடைசியில் அறிகிறார் என்பதில் அக்காலத்தார் எவருக்கும் அவமானம் இருந்ததாகத் தெரியவில்லை. உண்மை, அதனைத் தாங்கக்கூடியவர் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் மெல்ல நகர்ந்தது. மாறாக, ஐயம் எழுந்ததும் மகளை வீட்டில் அடைத்துவைக்கும் இற்செறிப்பும் அப்பாடல்களில் உண்டு. கைத்தொலைபேசியைப் பறித்து வைப்பது அதன் இக்கால வடிவம். இற்செறித்ததனால் காதல் நின்றதாக எமக்கு நினைவில்லை. தாய்க்குச் செய்தி வருவதுதான் நின்றது.

மூன்று வாரங் கழித்து நாமே பேசினோம். எதனையும் கேட்கவில்லை. “அன்று உன் கைத்தொலைபேசியை எடுத்தது நான். எடுத்திருக்கக் கூடாது. இனி எடுக்கமாட்டேன்” என்று மட்டும் கூறினோம். அவள் தலையை அசைத்தாள். அவ்வளவே. எமக்கு அன்று வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஆவணியில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார் துணைவியார்; மகள் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்; நாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முகம் சரியாகத் தெரியாத அந்த வெளிச்சத்தில், கை வேலையை விடாமலே, மகள் தாயிடம் சொல்லத் தொடங்கினாள். அவருடைய ஊர் ஹற்றன். தந்தையும் தாயும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். மூன்று பிள்ளைகளுள் அவர் மூத்தவர். தங்கையின் படிப்பு முடிந்த பின்னரே தம் வாழ்வைப்பற்றி நினைக்க முடியும் என்று மகளிடம் முதலிலேயே கூறியிருக்கிறார். இவற்றையெல்லாம் தாய்க்குச் சொல்லிவிட்டு, எம்மை நோக்கி, “விசாரிக்க முடியாத இடம்தான், அப்பா” என்றாள்.

அப்போதே சித்திரைக் கேள்வி எமக்கு விளங்கிற்று. நாம் அவளுடைய கைத்தொலைபேசியைக் குறித்து ஐயுற்றிருந்த அத்தனை மாதமும், அவள் எமது ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். மலையகத்தாரைப்பற்றி யாழ்ப்பாணத்து வீடுகளில் யோசியாமற் சொல்லப்படும் சொற்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம். அவற்றுள் ஒன்று எம் வாயிலிருந்தும் வந்தது. “நான் சொன்னது பிழை. விசாரிக்கப் போகாதவனுக்குத்தான் அது விசாரிக்க முடியாத இடம்” என்றோம். விளக்கு ஆடியது, கை நடுங்கியது என்பதே உண்மை.

இனி, காத்திருத்தல் பொருந்தாத இடத்தையும் கூறவேண்டும். காதல் உண்டு, ஆனால் அது நல்லதன்று என்ற நிலையும் உளது. பிள்ளை தொலைபேசியில் ஓயாது மன்னிப்புக் கேட்கிறதா? எங்கே நிற்கிறது, யாருடன் நிற்கிறது என்பதைப் படமெடுத்தோ இருப்பிடத்தை அனுப்பியோ நிரூபிக்கிறதா? ஐந்து நிமிடம் பதில் பிந்தினால் பதறுகிறதா? பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக விலகுகின்றனரா? பணம் கேட்கிறதா, நகை குறைகிறதா? இவற்றுள் ஒன்று தொடர்ந்து காணப்படின் அது காதலின் வெட்கம் அன்று, அச்சம். அப்போது பருவம் பார்த்திருத்தல் ஆகாது. அப்போதும் கருவியைப் பறிக்க வேண்டா; அதில் உள்ளவையே பின்னர் சான்றாக வேண்டியிருக்கும். “யாராவது உன்னைப் பயமுறுத்துகிறார்களா? என்ன நடந்திருந்தாலும் நாங்கள் உன் பக்கம்” என்று நேரே கேட்க வேண்டும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. மனம் நொந்தோர்க்குத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. இரண்டையும் வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்திருப்பது நன்று. எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வராது.

மானிப்பாய் அன்னையாருக்கு எமது மறுமொழி இதுவே. மகன் கிணற்றடியிலிருந்து திரும்பும்போது அவன் முகத்தைப் பாருங்கள். சிரிப்பும் மௌனமும் மாறிமாறி வருவதாக எழுதியுள்ளீர்கள்; அது காதலாகவும் இருக்கலாம், எமது அயலவரின் மகனுக்கு நேர்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்தில் உங்களுக்கே புலப்படும். ஒரு பெயர் வந்து நின்றதா என்று நினைத்துப் பாருங்கள். அவனுக்கு நெருங்கிய அக்காவோ மாமியோ இருப்பின், அவர் வழியே செய்தி வருவதைக் குறைவாக எண்ணாதீர்கள். கைத்தொலைபேசியை அது கிடக்கும் நிலையிலேயே கிடக்க விடுங்கள். அதனினும் முக்கியமான ஒன்று: இந்த ஆண்டில் அவன் உங்களிடம் கேட்ட, பிறரைப்பற்றிய கேள்விகளையும், நீங்கள் தலைநிமிராமற் சொன்ன பதில்களையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். திருத்த வேண்டிய பதில் ஏதேனும் இருப்பின், அவன் கேளாமலே ஒருநாள் உணவு பரிமாறும்போது திருத்திச் சொல்லிவிடுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

எம் வீட்டுச் செய்தி இன்னும் முடியவில்லை. உறவினருட் சிலருக்கு மனவருத்தம் உண்டு. எமக்கும் ஐயங்கள் முற்றாக அகலவில்லை, அவற்றை இப்போது மகளிடமே சொல்கிறோம். அடுத்த மாதம் ஹற்றனுக்குச் செல்ல நாள் குறித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து அது ஒருநாட் பயணம். குளிருக்குக் கம்பளி எடுத்து வையுங்கள் என்று நேற்று மகள் கூறினாள். கைத்தொலைபேசி விறாந்தை மேசைமேல் கிடந்தது, முகங்குப்புறத்தான்.